பல் ப்ளீச்சிங்: கறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கடையில் கிடைக்கும் வெண்மையாக்கும் ஸ்ட்ரிப்பை இரண்டு வாரம் ஒட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் என்னிடம் வந்தார். "பல்லெல்லாம் கூசுது டாக்டர், அதுகூடப் பரவாயில்லை, இந்த முன்பல் மட்டும் முன்னைவிடக் கறுப்பாத் தெரியுது" என்றார். வாயைத் திறந்து பார்த்தால் மூன்று வேறு கறைகள். கீழ்ப்பற்களின் உள்பக்கமும் பல்லிடுக்குகளும் பழுப்பாக இருந்தன. மற்ற பற்களில் லேசான மஞ்சள் மிச்சமிருந்தது. மேல்வரிசையில் ஒரே ஒரு முன்பல் மட்டும் சாம்பல் நிறம். மூன்றுக்கும் அவர் போட்டது ஒரே மருந்து.

ஸ்ட்ரிப்பிலும் ப்ளீச்சிங் ஜெல்லிலும் வேலை செய்யும் மருந்து பெராக்சைடு, அது பல்லைச் சுரண்டுவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் பல்லின் வெளி அடுக்கான எனாமலைக் கடந்து உள்ளே இருக்கும் டென்டினுக்குப் போய்விடும். பல்லுக்கு நிறம் தரும் பெரிய கரிமச் சேர்மங்களை அங்கே ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கும். உடைந்த துண்டுகளுக்கு ஒளியை உறிஞ்சும் திறன் குறைவு, அதனால் பல் வெளிறித் தெரிகிறது. வீட்டில் ட்ரேயில் வைத்துப் போட நாங்கள் தருவது பெரும்பாலும் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல். அது பிரிந்து தரும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதம்தான். கிளினிக்கில் போடுவதில் ஹைட்ரஜன் பெராக்சைடே 35 சதவீதம் வரைகூட இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்க்கும்போது அது இந்த இரண்டில் எந்தப் பெராக்சைடு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, இவருடைய பழுப்புக் கறைக்கு வருவோம். ஈறு வீக்கத்துக்காக யாரோ கொடுத்த குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை நிறுத்தாமல் மாதக்கணக்கில் கொப்பளித்திருக்கிறார், டீயும் நிறையக் குடிப்பவர். இந்தக் கறை பல்லுக்குள் போவதே இல்லை. பல்லின் மேல் படியும் எச்சில் படலத்திலும் காரையிலும்தான் ஒட்டியிருக்கும். பெராக்சைடு இதைக் கொஞ்சம் வெளிற வைக்கலாம், ஆனால் காரை அப்படியேதான் இருக்கும். ஸ்கேலிங்கும் பாலிஷிங்கும் செய்ததும் ஒரே அமர்வில் போய்விட்டது. வெளிக்கறை மட்டும் இருப்பவர்களுக்கு ப்ளீச்சிங்கே தேவைப்படாது. சுத்தம் செய்த பிறகு கண்ணாடியில் பார்த்துவிட்டு "இதுவே போதும்" என்று கிளம்பிவிடுபவர்கள் பலர்.

மஞ்சள் உள்ளே இருப்பது. வயதாக ஆக எனாமல் தேய்ந்து மெலிய, அடியில் இருக்கும் டென்டினின் நிறம் வெளியே தெரிகிறது. பெராக்சைடு நன்றாக வேலை செய்யும் இடம் இதுதான், இவருக்கும் ஸ்ட்ரிப் இதில் பலன் கொடுத்திருந்தது. உட்கறை எல்லாமே இப்படி வழிக்கு வராது. சிறுவயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால் பல் உருவாகும்போதே கால்சியத்தோடு பிணைந்துவிட்ட சாம்பல் பட்டைகளுக்கு மாதக்கணக்கில் இரவுதோறும் ஜெல் போட வேண்டியிருக்கும். அப்போதும் ஈறை ஒட்டிய பகுதி கடைசிவரை முரண்டு பிடிக்கும். சிறுவயதில் ஃபுளூரைடு அதிகமானதால் வரும் ஃபுளூரோசிஸின் வெள்ளைத் திட்டுகள் ஆரம்பத்தில் இன்னும் பளிச்சென்று தெரிந்து பயமுறுத்தும்.

அந்தச் சாம்பல் பல்தான் முக்கியம். அடிபட்டதுண்டா என்று கேட்டேன். பள்ளி நாட்களில் சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறார். எக்ஸ்ரே எடுத்தால் வேர்நுனியில் கருநிழல், அதாவது பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் பல்கூழ் செத்து அங்கே தொற்று இருக்கிறது. செத்த கூழின் சிதைவும் இரத்தத்தின் இரும்பும் உள்ளிருந்து ஊறிய நிறம் அது. சுற்றியிருந்த பற்கள் வெளுத்ததால் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். முதலில் ரூட் கெனால். அப்புறம் வேரை மூடிய பொருளுக்கு மேல் 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தடுப்பு வைத்து, பல்லின் உட்குழிக்குள் சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து அடைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றினோம். மூன்றாவது முறையில் நிறம் பக்கத்துப் பல்லோடு சேர்ந்துவிட்டது. அடர்த்தியான பெராக்சைடை உள்ளே வைத்துச் சூடும் காட்டினால் சீக்கிரம் வெளுக்கும், ஆனால் ஈறை ஒட்டிய இடத்தில் வேர் வெளியிலிருந்து அரிக்கப்படும் ஆபத்து அதிகம். அந்த அவசரம் எனக்கு வேண்டாம்.

கூச்சம் ஏன் வந்தது? பெராக்சைடு சில நிமிடங்களிலேயே பல்கூழ்வரை எட்டிவிடுகிறது, நரம்பு எரிச்சல் அடைகிறது. பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களில் தணிந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதும் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டும் உதவும். ஒரே பல்லில் சுரீரென்று வலித்து நீடித்தால் அது வேறு விஷயம், சொத்தையோ விரிசலோ இருக்கலாம். ஈறு வெள்ளையாக வெந்துபோனால் ஜெல் வழிந்திருக்கிறது என்று அர்த்தம். ட்ரே பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

ப்ளீச்சிங் முடிந்த அன்று கண்ணாடியில் தெரியும் வெண்மையை நம்பாதீர்கள், பல் ஈரம் இழந்திருப்பதும் அதில் சேர்ந்திருக்கும், சில நாட்களில் கொஞ்சம் இறங்கும். பல்நிற ஃபில்லிங்கும் கேப்பும் பெராக்சைடில் வெளுக்காது. மாற்ற வேண்டுமானால் இரண்டு வாரம் பொறுத்து மாற்றுவோம், ஏனென்றால் பல்லுக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ஃபில்லிங் சரியாக ஒட்டவிடாது.