ஐந்து புள்ளிகளில் ஓர் ஆண்டு

சைன் வளைவை வரையச் சொன்னால் பல கைகள் இரண்டு அரைவட்டங்களைத்தான் வரைகின்றன. ஒன்று கோட்டுக்கு மேலே கவிழ்ந்திருக்கும். இன்னொன்று கீழே தொங்கும். பார்ப்பதற்கு அலை போலத்தான் இருக்கும், ஆனால் அது சைன் அல்ல. அரைவட்டம் கிடைக்கோட்டைச் செங்குத்தாகத் தொடும். சைன் வளைவோ கோட்டைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். வெட்டும் இடத்தில் அதை நேர்கோடு என்றே சொல்லிவிடலாம். அது வளைவதெல்லாம் உச்சியை நெருங்கும்போதுதான்.

இதை வரைபடத்தாளில் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டால் கை மறக்காது. கிடையாக 12 செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள்; ஒரு செ.மீ.க்கு 30 பாகை என்றால் 360 பாகையும் அதில் அடங்கிவிடும். உயரத்துக்கு 2 செ.மீ.யை ஓர் அலகாக வையுங்கள். இந்த அளவில் வளைவு ஏறத்தாழ அதன் இயல்பான உருவத்திலேயே வரும். தொடக்கத்தில் அது ஏறும் சாய்வு 45 பாகையை ஒட்டியிருக்கும். இப்போது sin 0° = 0, sin 30° = 0.5, sin 60° = 0.87, sin 90° = 1. தாளில் இவற்றின் உயரங்கள் 0, 10, 17, 20 மி.மீ. முதல் செ.மீ.யில் வளைவு 10 மி.மீ. ஏறுகிறது, அடுத்ததில் 7, கடைசியில் வெறும் 3. மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் பாதி உயரம் வந்துவிடுகிறது.

ஏன் இப்படி? ஓரலகு வட்டத்தின் விளிம்பில் சீராகச் சுற்றும் ஒரு புள்ளியின் உயரம்தான் சைன். வலது ஓரத்திலிருந்து புள்ளி கிளம்பும்போது அதன் நகர்வு முழுவதும் மேல்நோக்கியே இருக்கிறது. உச்சியை நெருங்க நெருங்க அதே வேகம் பக்கவாட்டுக்குத் திரும்பிவிடுவதால் உயரம் கூடுவது நின்றுபோகிறது. அதே புள்ளி மையத்திலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது கொசைன். ஆகவே கொசைன் வளைவுக்குத் தனியாக எதையும் கற்க வேண்டியதில்லை. சைன் வளைவை 90 பாகை இடப்பக்கம், அதாவது நம் தாளில் 3 செ.மீ., தள்ளினால் கிடைப்பது அதுதான். சைன் நடுக்கோட்டில் தொடங்கி ஏறும். கொசைன் முகட்டில் தொடங்கி இறங்கும்.

(கணிப்பானில் sin 30 தட்டும்போது −0.988 என்று வந்தால் அது ரேடியனில் இருக்கிறது என்று பொருள். பாகைக்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள்.)

எல்லா சைன் வளைவுகளுக்கும் உருவம் இது ஒன்றே. மாறுவது அச்சுகளில் எழுதும் எண்கள் மட்டுமே. அதனால் கையால் வரைபவர்களுக்கு எளிய வழி, அச்சில் எண்களைக் குறித்துவிட்டு வளைவை அதற்குள் திணிப்பது அல்ல. வளைவை முதலில் வரைந்துவிட்டு எண்களைப் பிறகு எழுதுவது. ஒரு சுற்றுக்கு ஐந்து புள்ளிகள் போதும்: நடுக்கோடு, முகடு, நடுக்கோடு, அகடு, மீண்டும் நடுக்கோடு. இவை ஐந்தும் சம இடைவெளியில் நிற்கும், கால் சுற்றுக்கு ஒன்றாக.

y = 3 sin(2x − 60°) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். முன்னால் நிற்கும் 3 உயரத்தைச் சொல்கிறது: வளைவு நடுக்கோட்டிலிருந்து 3 வரை ஏறி, −3 வரை இறங்கும். இதுவே வீச்சு. அந்த இடத்தில் −3 இருந்தாலும் வீச்சு 3தான். வளைவு தலைகீழாகி, முகட்டுக்குப் பதில் அகட்டை நோக்கிக் கிளம்பும், அவ்வளவே.

சிக்கல் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. சைன் ஒரு சுற்றை முடிக்க அடைப்புக்குள் இருக்கும் மதிப்பு 0-இலிருந்து 360 வரை போக வேண்டும். எனவே இரண்டு கேள்விகள் போதும். 2x − 60 எப்போது 0 ஆகும்? x = 30 ஆகும்போது. எப்போது 360 ஆகும்? x = 210 ஆகும்போது. சுற்று 30-இல் தொடங்கி 210-இல் முடிகிறது. இடையில் உள்ள 180 பாகைதான் அலைவு காலம். அதை நான்காகப் பகுத்தால் 45. ஐந்து புள்ளிகளும் 30, 75, 120, 165, 210 ஆகிய இடங்களில் விழும். அங்கே y-இன் மதிப்புகள் முறையே 0, 3, 0, −3, 0. முன்பு வரைந்த அதே வளைவின் அடியில் இந்த எண்களை எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

தொடக்கப்புள்ளி 0-இலிருந்து 30-க்கு வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது அல்லவா, அதுதான் கட்டப் பெயர்ச்சி. தேர்வுத் தாள்களில் இதை 60 என்று எழுதுபவர்கள் ஏராளம். அடைப்புக்குள் 60 கண்ணில் படுகிறது; கை அதையே எழுதிவிடுகிறது. ஆனால் x-ஐ 2 பெருக்கியிருப்பதால் வளைவு கிடையாகப் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. பெயர்ச்சியும் அதோடு பாதியாகிறது. 2(x − 30°) என்று பொதுக்காரணியை வெளியே எடுத்து எழுதினால் உண்மையான பெயர்ச்சி தானாகத் தெரியும். ஐயம் இருந்தால் x = 60 என்று வைத்துப் பாருங்கள்: 3 sin 60° = 2.6. வளைவு அங்கே நடுக்கோட்டில் இல்லை, முகட்டை நோக்கிப் பாதி வழிக்கு மேல் போய்விட்டது. கழித்தல் குறி இருந்தும் ஏன் வலப்பக்கம் நகர்கிறது என்ற பழைய குழப்பமும் இதே கேள்வியில் தீர்ந்துவிடும். அடைப்பு 0 ஆவதற்கு x கொஞ்சம் முன்னேறி வர வேண்டியிருக்கிறது. ஆகவே தொடக்கம் தாமதமாகிறது.

இனித் தலைகீழ் வேலை: வளைவு கையில் இருக்கிறது, சமன்பாடு இல்லை. இதற்குப் பாடநூல் படத்தைவிட உண்மையான ஒன்று நல்லது. சென்னையில் சூரிய உதயத்திலிருந்து மறைவு வரை எத்தனை நிமிடங்கள் என்பதை நாள்தோறும் குறித்துக்கொண்டே போனால், ஓர் ஆண்டில் தாளில் ஒரு முழு அலை வந்து நிற்கும். நாள்காட்டியில் உள்ள உதய, மறைவு நேரங்களே இதற்குப் போதும். ஜனவரி 1-ஐ நாள் 1 என்று கொள்வோம்.

அலையின் உச்சி ஜூன் 21 வாக்கில், சுமார் 12 மணி 53 நிமிடம். அதாவது 773 நிமிடம். அடி டிசம்பர் 21 வாக்கில், சுமார் 11 மணி 21 நிமிடம், 681 நிமிடம். இங்கே வீச்சு 773 என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்பலாம். ஆனால் வளைவு சுழியத்தைச் சுற்றி ஆடாதபோது வீச்சைத் தரையிலிருந்து அளக்கும் பிழை உண்மையில் நடக்கத்தான் செய்கிறது. உச்சிக்கும் அடிக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியே வீச்சு: 92-இல் பாதி, 46 நிமிடம். இரண்டின் சராசரி நடுக்கோடு: 727 நிமிடம், அதாவது 12 மணி 7 நிமிடம்.

நடுக்கோடு ஏன் சரியாக 12 மணியில் இல்லை? சூரியனின் மேல் விளிம்பு தெரிவதையே உதயம் என்கிறோம். மறைவதும் மேல் விளிம்பை வைத்துத்தான். போதாததற்கு, வளிமண்டலம் ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனையும் நமக்குக் காட்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து சென்னையின் பகலுக்கு ஏழு நிமிடம் அளவுக்குக் கூட்டுகின்றன. இதைக் கவனிக்காமல், பகலும் இரவும் சமமாவது 12 மணியில்தானே என்று 720-இல் நடுக்கோட்டைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? வளைவு அந்தக் கோட்டை ஒன்பது நாள் முன்னதாகவே கடந்துவிடும். மேல் பாதி அகலமாகவும் கீழ்ப் பாதி குறுகலாகவும் தோன்றும். ஒரு வளைவின் இரு பாதிகளும் இப்படிச் சமனில்லாமல் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நாம் போட்ட நடுக்கோட்டைத்தான்.

அடுத்து கட்டப் பெயர்ச்சி. முகட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றும். கோட்பாட்டளவில் சரி, கையால் அளக்கும்போது சரிவராது. ஜூன் 21-க்குப் பத்து நாள் முன்னும் பின்னும் சென்னையின் பகல் ஒரு நிமிடம்கூட மாறுவதில்லை. நாள்காட்டி நிமிடக் கணக்கில்தான் நேரம் தருகிறது. அங்கே ஒரே எண் நாள்கணக்கில் நீள்வதைத்தான் பார்ப்போம். எந்த நாள் முகடு என்று எப்படிச் சொல்வது? மாறாக, மார்ச் மூன்றாம் வாரத்தில் வளைவு நடுக்கோட்டை வெட்டும்போது பகல் நாளொன்றுக்குச் சுமார் 44 விநாடி வீதம் நீண்டுகொண்டிருக்கிறது. ஒன்றிரண்டு நாளுக்குள் வெட்டும் இடத்தைப் பிடித்துவிடலாம். வளைவு நேராகச் செல்லும் இடத்தில் அளப்பதே நம்பகமானது. முகட்டில் அளப்பது ஊகம்தான். அலைவு காலத்தையும் அப்படியே, ஒரு மேல்நோக்கிய வெட்டிலிருந்து அடுத்த மேல்நோக்கிய வெட்டு வரை அளக்க வேண்டும்.

நடுக்கோட்டை மேல்நோக்கி வெட்டுவது மார்ச் 21, நாள் 80. அலைவு காலம் 365 நாள். ஆக t-ஆவது நாளின் பகல் நீளம் நிமிடங்களில்:

```
y = 727 + 46 sin( (360°/365) × (t − 80) )
```

இதையே முகட்டை வைத்துக் கொசைனாகவும் எழுதலாம்: 46 cos, பெயர்ச்சி ஏறக்குறைய 171. இரண்டும் ஒரே வளைவு. கட்டப் பெயர்ச்சி என்பது வளைவுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் ஒற்றை எண் அல்ல. எந்தச் சார்பில், எந்தப் புள்ளியைத் தொடக்கமாகக் கொண்டோம் என்பதைப் பொறுத்தது. விடைத்தாளில் நண்பரின் எண் வேறாக இருந்தால், அவர் கொசைனில் எழுதினாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது ஐந்து புள்ளிகளைச் சோதித்துப் பார்க்கலாம். 365-இல் கால் பங்கு 91¼. நாள் 80-இலிருந்து கூட்டிக்கொண்டே போனால் முகடு நாள் 171, ஜூன் 20. இறங்கும் வெட்டு செப்டம்பர் 19 அல்லது 20. அகடு டிசம்பர் 20. முகடும் அகடும் ஒன்றிரண்டு நாளுக்குள் சரியாக விழுகின்றன. செப்டம்பர் வெட்டு மட்டும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தவறுகிறது. உண்மையான சம இரவு நாள் செப்டம்பர் 22 அல்லது 23. வெட்டும் இடத்தை நன்றாக அளக்க முடியும் என்று பார்த்தோம். ஆகவே இந்த மூன்று நாள் இடைவெளி கைப்பிழை அல்ல.

நடுக்கோட்டை மாற்றியும் இது சரியாகாது. தூய சைன் வளைவு மேலே பாதிக் காலமும் கீழே பாதிக் காலமும் இருக்கும். சென்னையின் வளைவோ மார்ச் வெட்டிலிருந்து செப்டம்பர் வெட்டு வரை மேலே 186 நாள்களைக் கழிக்கிறது, கீழே 179 நாள்களை மட்டுமே. காரணம், பூமியின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில் மெதுவாக நகர்கிறது. வளைவின் கீழ்ப் பாதி குறுகுவது அந்த வேகத்தால்தான்.