45 குரோமோசோம்களோடு ஒரு நலமான தாய்

முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்த பிறகு ஒரு வாசகி தன் ரத்தத்தையும் பரிசோதித்திருக்கிறார். அறிக்கையில் இருந்த வரியை அப்படியே எழுதி அனுப்பியிருந்தார்: 45,XX,der(14;21)(q10;q10). “எல்லோருக்கும் 46 என்று பள்ளியில் படித்தேன். ஒன்று குறைந்தும் எனக்கு எந்தக் குறையும் இல்லையே, எப்படி?” என்று கேட்கிறார்.

உண்மையில் அவரிடம் முக்கியமான எதுவும் தொலையவில்லை. 14ஆம் குரோமோசோம் ஒன்றும் 21ஆம் குரோமோசோம் ஒன்றும் ஒட்டிக்கொண்டதால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்துக்கும், குரோமோசோமின் இரு கைகளும் சேரும் இடமான சென்ட்ரோமியர் ஒரு நுனியை ஒட்டி இருக்கும். எனவே ஒரு கை நீளம், மறு கை கட்டைவிரல் அளவு. அந்தக் குறுங்கைகளில் முக்கியமாக இருப்பவை ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்களின் பிரதிகள். அதே சரக்கு பத்துக் குறுங்கைகளிலும் இருப்பதால், இரண்டு போனாலும் எட்டு மீதி. நெடுங்கைகள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. இதற்கு ராபர்ட்சோனியன் இடமாற்றம் என்று பெயர். 1916இல் வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளில் இதை விவரித்த ராபர்ட்சனின் பெயர் அது. மனிதரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இது உண்டு.

ஏன் இந்தக் குரோமோசோம்கள் மட்டும் ஒட்டுகின்றன? குறுங்கைகள் எல்லாம் செல்லுக்குள் நியூக்ளியோலஸ் என்ற ஒரே இடத்தில் கூடுகின்றன. அங்கே அருகருகே கிடக்கும்போது ஒத்த வரிசைகள் தவறிப் பரிமாறிக்கொள்ள வாய்ப்பு உண்டு. 2025இல் வெளியான ஆய்வு ஒன்று ஒட்டும் இடத்தையே காட்டியது. எஸ்எஸ்டி1 என்ற திரும்பத்திரும்ப வரும் வரிசை 13, 14, 21 மூன்றிலும் இருக்கிறது. ஆனால் 14இல் மட்டும் அது தலைகீழாக அமைந்திருக்கிறது. ஒரே திசையில் இருந்தால் பரிமாற்றத்தில் நுனிகள் மட்டும் இடம் மாறும். திசை எதிராக இருப்பதால் நெடுங்கையோடு நெடுங்கை சேர்ந்துவிடுகிறது. 13-14, 14-21 ஆகிய சேர்க்கைகளே அதிகம் காணப்படுவதன் காரணம் இதுதான். எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

சிக்கல் கருமுட்டை உருவாகும்போது தொடங்குகிறது. குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் குன்றல் பகுப்பில் இணைக் குரோமோசோம்கள் ஒன்றையொன்று தேடிச் சேர வேண்டும். இவரிடம் ஒட்டிய 14-21 ஒன்று, தனி 14 ஒன்று, தனி 21 ஒன்று. எனவே மூன்றும் ஒன்றாகக் கட்டிக்கொள்கின்றன. பிறகு இரு பக்கமாகப் பிரிய வேண்டும். மூன்றை இரண்டாகப் பங்கிட மூன்று வழிகள்.

ஒட்டியது ஒரு பக்கம், தனி 14உம் 21உம் மறு பக்கம் போனால், முதல் முட்டையில் பிறக்கும் குழந்தை தாயைப் போன்ற சுமப்பாளர். இரண்டாவதில் பிறப்பது வழக்கமான 46. ஒட்டியதும் தனி 21உம் சேர்ந்து போனால் தந்தையின் 21உம் வந்து மூன்று 21 ஆகிவிடும். அதுதான் டவுன் சிண்ட்ரோம். எண்ணிக்கை என்னவோ 46தான்! எதிர்ப்பக்கம் 14 மட்டுமே போன முட்டையில் 21 இல்லை. அந்தக் கரு நிலைக்காது. மூன்றாவது வழியில் ஒட்டியதும் 14உம் ஒரு பக்கம், 21 மட்டும் மறு பக்கம். இரண்டுமே தொடக்கத்திலேயே கலைந்துவிடும். பல நேரம் கர்ப்பம் உண்டானதே தெரியாது.

ஆக, பிறக்கக்கூடியவை மூன்று வகை. கணக்குப்படி மூன்றில் ஒன்று டவுன். நடைமுறையில் தாய் சுமப்பாளராக இருந்தால் 10 முதல் 15 சதவீதம், தந்தையாக இருந்தால் ஒரு சதவீதம் அளவுதான். முதல் வழியே அதிகம் நடப்பதும், மூன்று 21 கொண்ட கருக்கள் பல கலைந்துபோவதும் இந்தக் குறைவுக்குக் காரணங்கள். 21-21 ஒட்டிய ஒருவரின் நிலைதான் கொடியது. அவருக்குப் பிறக்கும் குழந்தைகள் அனைவருமே டவுன்.

திரும்பத்திரும்பக் கரு கலைந்த பெண்ணைத் தோஷம் என்று ஒதுக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆணும் சுமப்பாளராக இருக்கலாம். பரிசோதனை இருவருக்கும் வேண்டும்.

அதற்குக் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கமான காரியோடைப் பரிசோதனைதான் தேவை. விலை கூடுதலான மைக்ரோஅரே, மரபுப்பொருள் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். இவரிடம் இரண்டும் இல்லாததால் “இயல்பு” என்று சொல்லிவிடும். வாசகிக்கு இரண்டு யோசனைகள்: அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து இது வந்திருந்தால் உடன்பிறந்தவர்களிடமும் இருக்கலாம். திருமணமாகாத தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.