டாக்டரிடம் போக பிள்ளையைப் பாதியில் அழைக்கிறீர்களா? கடிதத்தில் இதை எழுதுங்கள்

மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்து நடுநிலைப் பள்ளியில் வகுப்பாசிரியராக இருக்கிறேன். பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும், பள்ளி முடியும் முன்பே அனுப்புங்கள் என்று பெற்றோர் எழுதும் கடிதங்கள் என் மேசைக்கு அடிக்கடி வரும். பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சு. அனுப்புநர், பெறுநர், 'மதிப்பிற்குரிய ஐயா', 'உடல்நிலை சரியில்லாத காரணத்தினால்', கடைசியில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'. மரியாதைக்குக் குறைவே இருக்காது. ஆனால் பிள்ளையை வாசலில் வைத்து ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது எனக்குத் தேவைப்படும் விவரம் அதில் இருக்காது: யார் வந்து அழைத்துப் போகிறார்கள்?

எங்கள் ஊரில் இதுதான் பெரிய சிக்கல். அப்பா கடலுக்குப் போயிருப்பார், போன் எட்டாது. அம்மா நண்டு கம்பெனியில் வேலையில் இருப்பார், வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது. அதனால் தாய்மாமனோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ பைக்கில் வந்து நிற்பார். 'இவர் யார்?' என்று பிள்ளையிடம் கேட்டால் 'மாமா' என்று தயங்காமல் சொல்லும். ஒரே கடற்கரையில் வளரும் பிள்ளைக்குத் தெருவில் பாதிப்பேர் மாமாதான். அந்த ஒரு சொல்லை நம்பி நான் பிள்ளையை அனுப்ப முடியாது.

ஒரு கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்புப் பையன். ராமநாதபுரத்தில் கண் டாக்டரிடம் மாலை 4 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தில் 'இன்று கண் பரிசோதனை இருப்பதால் சீக்கிரம் அனுப்பவும்' என்று மட்டும் இருந்தது, கீழே அம்மாவின் கையெழுத்து. மதியம் ஒருவர் வந்து நின்றார். பையன் கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டு எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. கம்பெனியில் இடைவேளை விட்டு அம்மா திரும்ப அழைத்து 'என் தம்பிதான் சார், அனுப்புங்க' என்று சொன்ன பிறகுதான் அனுப்பினேன். அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது, அவர்கள் பிடிக்க நினைத்த பஸ்ஸும் போய்விட்டது. வந்தவர் கோபப்பட்டார், அது நியாயம்தான். ஆனாலும் அடுத்த முறையும் நான் இதையேதான் செய்வேன்.

அந்தக் கடிதம் இப்படி இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்:

"வகுப்பாசிரியர் அவர்களுக்கு, என் மகன் …… (6 ஆம் வகுப்பு, அ பிரிவு) இன்று மதியம் 2 மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும். ராமநாதபுரத்தில் டாக்டரைப் பார்க்கிறோம். அவனை அழைத்துப்போக என் தம்பி …… வருவார், அவர் போன் எண் …… . நான் 12 மணியிலிருந்து 1 மணி வரை போன் எடுப்பேன். இன்று திரும்பப் பள்ளிக்கு வரமாட்டான். கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். இப்படிக்கு, அம்மா …… ."

இதில் டாக்டர் சொன்ன 4 மணி இல்லை, பள்ளியிலிருந்து கிளம்பும் 2 மணிதான் இருக்கிறது. டாக்டர் சொன்ன நேரத்தை எழுதினால் எப்போது அனுப்புவது என்று நான் கணக்குப் போட வேண்டியிருக்கும். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போய்ச் சேர பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து எவ்வளவு நேரம் பிடிக்கும், டோக்கன் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

கிளம்பும் நேரம் வருகைப் பதிவுக்கும் வேண்டும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை பதிவு எடுக்கிறோம். மதியப் பதிவுக்கு முன் போனால் அரை நாள் விடுப்பு, அதற்கு அப்புறம் போனால் வெளியேறும் பதிவேட்டில் நேரத்தை எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்குவேன். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து திடீரென்று பள்ளியை விடும்போது தலை எண்ணிப் பார்ப்போம். ஒரு தலை குறைந்தால் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் புரட்டுவேன்.

கடிதத்தில் போன் எண் இருந்தாலும் நான் முதலில் அழைப்பது பள்ளிப் பதிவில் இருக்கும் எண்ணுக்குத்தான். காரணம் எளிது. கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதில் தன் எண்ணையே போட்டும் கொடுக்கலாம். அதனால் சிம் மாற்றினால் பள்ளியில் வந்து புது எண்ணைச் சொல்லிவிடுங்கள். நம் பக்கம் சிம் மாறிக்கொண்டே இருக்கிறது, பழைய எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையையே எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்து அனுப்புகிறார்கள். அதில் தப்பில்லை. அன்று காலை பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது ஒரு வார்த்தை நேரிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம், நோயைப் பற்றி எவ்வளவு எழுதுவது? நோயின் பெயர் எனக்கு வேண்டாம். கடிதம் பிள்ளையின் பையில் வருகிறது, வழியில் நாலு பிள்ளைகள் பிரித்துப் படிக்கிறார்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளையையோ, வயதுக்கு வந்த பின் வயிற்று வலிக்காக டாக்டரைப் பார்க்கும் பெண்ணையோ மற்றவர்கள் கேலி செய்ய அந்த ஒரு தாள் போதும். 'டாக்டரைப் பார்க்கிறோம்' என்றாலே போதும். வகுப்பில் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பது போல எனக்குத் தெரிந்தே ஆக வேண்டியதைத் தனியாக நேரில் சொல்லுங்கள்.

ஆனால் அன்றைக்குப் பள்ளியில் நான் கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தால், மதியச் சாப்பாட்டு வரிசையில் பிள்ளை தட்டோடு நிற்கும்போது சத்துணவு அக்காவுக்கு அது தெரியாது. பிள்ளை சாப்பிட்டுவிட்டால் ஸ்கேனை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போட வேண்டிவரும்.

கண் சொட்டு மருந்துக்கு வருகிறேன், இதைப் பலர் எழுதுவதே இல்லை. பிள்ளைகளுக்குக் கண்ணாடி பவர் சரியாகப் பார்க்க, கண் பாப்பாவை விரிய வைக்கும் மருந்தைக் கண்ணில் விடுவார்கள். அது இருக்கும்வரை பக்கத்தில் இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கண்ணைக் கூசும். சில மருந்து சில மணி நேரத்தில் தெளியும், சிலது மறுநாள் வரை இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குச் சில நேரம் வீட்டிலேயே சில நாள் போடச் சொல்லும் அட்ரோபின் மருந்தோ ஒரு வாரம், பத்து நாள்கூட நிற்கும். அந்த நாட்களில் பிள்ளை நோட்டைத் தள்ளிப் பிடிக்கும், எழுதாமல் உட்கார்ந்திருக்கும், வெயிலில் விளையாட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். விஷயம் தெரியாத ஆசிரியர் சோம்பேறித்தனம் என்று திட்டிவிடுவார். கடிதத்தில் ஒரு வரி இருந்தால், வாசிக்கச் சொல்லாமல் கேட்டுப் படிக்க வைப்பேன், வெயில் படாத இடத்தில் உட்கார வைப்பேன்.

கடிதத்தைக் காலையில் முதல் மணி அடிக்கும்போதே பிள்ளை என் கையில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பாடம் நடத்தும்போது நான் போனைப் பார்ப்பதில்லை, மதியம்தான் பார்ப்பேன். வகுப்புக் குழுவில் போடவே வேண்டாம், உங்கள் பிள்ளையின் விஷயத்தை நாற்பது வீட்டுக்காரர்கள் படிக்க வேண்டியதில்லை.

மறுபடி வரச் சொல்லியிருந்தால் அடுத்தடுத்த தேதிகளை ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நாட்களில் மதியத்துக்குத் தேர்வு வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். யார் அழைத்துப் போகிறார் என்பது மட்டும் மாறினால், அன்று காலை ஒரு போன் போதும்.