விடை சரி, வேகத்தைத்தான் காணோம்: யூனியன்-ஃபைண்டில் டெஸ்ட் பிடிக்காத பிழைகள்

வாடிக்கையாளர் பதிவுகளை ஒன்றுசேர்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. ஒரே ஆள் ஒரு கடையில் போன் நம்பர் கொடுத்திருப்பார், இன்னொரு கடையில் மெயில் மட்டும், மூன்றாவதில் இரண்டையும். முதல் பதிவும் மூன்றாவதும் போன் நம்பரால் ஒட்டும், இரண்டாவதும் மூன்றாவதும் மெயிலால் ஒட்டும், அப்போது மூன்றுமே ஒரே ஆள்தான். இப்படி ஜோடி ஜோடியாக வரும் தகவலிலிருந்து குழுக்களை உருவாக்க யூனியன்-ஃபைண்டை விடச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. இருபது வரிக்குள் எழுதிவிடலாம்.

அந்த இருபது வரியில்தான் சிக்கலும் இருக்கிறது. மற்றவர்கள் எழுதியதை ரிவ்யூ செய்யும்போது நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை தவறான விடையைத் தருவதில்லை. குழுக்கள் சரியாக வரும், டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருக்கும், நிஜத் தரவு வந்ததும் ஐந்து நொடியில் முடிய வேண்டிய வேலை அரை மணி நேரம் ஓடும். அதனால் இந்த அமைப்பு ஏன் வேகமாக இருக்கிறது என்பது தெரியாமல் அதை எழுதுவது ஆபத்து.

அமைப்பு இதுதான். ஒவ்வொரு பதிவும் ஒரு கணு, ஒவ்வொரு கணுவும் தன் பெற்றோரைச் சுட்டும், வேர் தன்னையே சுட்டும். `find(x)` என்றால் x-இலிருந்து மேலே ஏறி வேரைக் கண்டுபிடிப்பது. `union(a, b)` என்றால் இருவரின் வேர்களையும் கண்டுபிடித்து ஒன்றை இன்னொன்றின் கீழ் மாட்டுவது. கேலரும் ஃபிஷரும் 1964-இல் வெளியிட்ட யோசனை இது. செலவெல்லாம் ஏறுவதில்தான், மாட்டுவதற்கு ஒரே ஒரு பெற்றோரை மாற்றி எழுதினால் போதும்.

இப்போது ஒரு நிஜமான நிலைமையைப் பார்ப்போம். போன் நம்பர் தர விரும்பாத வாடிக்கையாளருக்குப் பில் போடும் ஊழியர் கடை நம்பரையே அடித்துவிடுவார். எல்லா ஊரிலும் நடப்பதுதான். விளைவாக 2 லட்சம் பதிவுகள் ஒரே நம்பரைப் பகிரும், நம் நிரலும் அந்த நம்பர் முதலில் வந்த பதிவை மற்ற எல்லாவற்றோடும் இணைக்கும்: `union(1,2)`, `union(1,3)`, `union(1,4)` என்று. முதல் வேரை இரண்டாவதின் கீழ் மாட்டு என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகும்? 1 போய் 2-இன் கீழ் உட்காரும். அடுத்து 1-இன் வேர் 2, அது 3-இன் கீழ் போகும். பிறகு 3 போய் 4-இன் கீழ். மரம் என்று பெயர்தான், உண்மையில் 1→2→3→4 என்று நீளும் ஒரே சங்கிலி. ஒவ்வொரு முறையும் 1-இலிருந்து முழுச் சங்கிலியையும் ஏற வேண்டும், 2 லட்சம் பதிவுக்கு மொத்தம் சுமார் 2,000 கோடி தாவல். டெஸ்டில் 500 பதிவு வைத்துப் பார்த்திருப்பார்கள், அதற்கு 1.25 லட்சம் தாவல்தான், கண் இமைப்பதற்குள் முடிந்திருக்கும்.

சரி, பாத் கம்ப்ரஷன் மட்டும் போட்டால் போதாதா என்று பலர் கேட்பார்கள். ஏறிப் போகும் வழியில் பார்த்த எல்லாக் கணுவையும் நேராக வேரின் கீழ் மாட்டிவிடுவதுதான் அது. மேலே சொன்ன நிலைமையில் இது பெரிய உதவிதான், 1 எப்போதும் வேருக்கு இரண்டு தாவல் தூரத்திலேயே இருக்கும். ஆனால் யாரும் `find(2)` கேட்கவில்லை அல்லவா, அதனால் 2→3→4→… என்ற சங்கிலி அப்படியே சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். கடைசியில் எல்லாப் பதிவுக்கும் குழு எண் எழுதலாம் என்று `find(2)` அழைக்கும்போது அது கிட்டத்தட்ட 2 லட்சம் படி ஏறும். சராசரியாகப் பார்த்தால் மோசமில்லை, ஒரே முறைதான் ஏறும், பிறகு எல்லாம் தட்டையாகிவிடும். ஆனால் `find`-ஐ ரிகர்ஷனாக எழுதியிருந்தால் பைத்தானின் வழக்கமான ஆழ வரம்பு 1000, அங்கேயே `RecursionError` வந்து விழும். பாத் கம்ப்ரஷன் மட்டும் என்றால் ஒரு செயலுக்குச் சராசரி log n அளவுக்கு உத்தரவாதம் உண்டு, தனியொரு அழைப்புக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ரேங்க் அந்த உத்தரவாதத்தைத் தருகிறது. ஒவ்வொரு வேருக்கும் ஒரு ரேங்க், தொடக்கத்தில் 0. சேர்க்கும்போது சின்ன ரேங்க் உள்ள வேர் பெரியதின் கீழ் போகும், ரேங்க் மாறாது. இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் ஜெயித்த வேருக்கு ஒன்று கூடும்.

```python
def find(x):
    root = x
    while parent[root] != root:
        root = parent[root]
    while parent[x] != root:
        parent[x], x = root, parent[x]
    return root

def union(a, b):
    a, b = find(a), find(b)
    if a == b:
        return
    if rank[a] < rank[b]:
        a, b = b, a
    parent[b] = a
    if rank[a] == rank[b]:
        rank[a] += 1
```

ரேங்க் r ஆக வேண்டுமென்றால் r−1 ரேங்க் உள்ள இரண்டு மரங்கள் சேர வேண்டும், அதனால் ரேங்க் r உள்ள வேருக்குக் கீழே அதையும் சேர்த்து குறைந்தது 2^r கணுக்கள் இருந்தே ஆக வேண்டும். 10 லட்சம் பதிவு இருந்தால் ரேங்க் 19-ஐத் தாண்டாது. அதாவது கம்ப்ரஷன் இல்லாவிட்டாலும் எந்த `find`-உம் 19 தாவலுக்குள் முடியும். நம் கடை நம்பர் நிலைமையில் 1 தான் வேர், மற்ற எல்லாம் அதன் கீழ் நேராக மாட்டிக்கொள்ளும்.

இரண்டும் சேர்ந்தால் 19-உம் இல்லை, கிட்டத்தட்ட மாறிலி. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், இதில் அழகான ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு கணு வேராக இருக்கும் வரைதான் அதன் ரேங்க் மாறும். இன்னொன்றின் கீழ் போன நொடியில் ரேங்க் உறைந்துவிடும். மேலே ஏற ஏற ரேங்க் கண்டிப்பாகக் கூடும். கம்ப்ரஷன் நடந்து ஒரு கணுவுக்குப் புதிய பெற்றோர் வந்தால், புதியவரின் ரேங்க் பழையவருடையதை விடக் கண்டிப்பாகப் பெரியது. ரேங்க் r உள்ள கணுக்கள் மொத்தமே n/2^r-க்கு மேல் இருக்க முடியாது.

இப்போது ரேங்குகளைப் பிரித்துக்கொள்வோம்: 0 தனி, 1 தனி, 2 தனி, பிறகு 3–4, பிறகு 5–16, பிறகு 17–65536. ஒவ்வொரு தொகுப்பின் முடிவும் 2-இன் அடுக்காக எகிறுகிறது. ஒரு `find`-இல் ஏறும் தாவல்கள் இரண்டு வகை. ஒரு தொகுப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் தாவல்: ஆறு தொகுப்புதான், அதிகபட்சம் ஐந்து முறை. தொகுப்புக்குள்ளேயே நடக்கும் தாவல்: இதுதான் அதிகமாகலாம் என்று தோன்றும். ஆனால் கடைசித் தாவலை விட்டுவிட்டால், அப்படித் தாவிய ஒவ்வொரு கணுவுக்கும் பெற்றோரின் ரேங்க் கூடிவிடுகிறது. 5–16 தொகுப்பில் உள்ள கணுவுக்கு அப்படிக் கூடுவது 16 முறைக்கு மேல் நடக்காது, அதற்குள் பெற்றோர் அடுத்த தொகுப்புக்குப் போய்விடுவார். 5-உம் அதற்கு மேலும் ரேங்க் உள்ள கணுக்கள் மொத்தம் n/16-க்கும் குறைவு. n/16-ஐ 16-ஆல் பெருக்கினால் n. அடுத்த தொகுப்பில் கணுக்கள் n/65536-க்கும் குறைவு, ஒவ்வொன்றும் 65536 முறைக்கு மேல் தாவாது, மறுபடியும் n தான். தொகுப்பு எவ்வளவு அகலமாகிறதோ அவ்வளவுக்கு அதில் ஆட்கள் குறைகிறார்கள்.

ஆக, நிரல் ஓடி முடியும் வரைக்கும் சேர்த்து, தொகுப்புக்குள் நடக்கும் தாவல்கள் ஒரு தொகுப்புக்கு n-ஐத் தாண்டாது, அதோடு ஒவ்வொரு `find`-க்கும் ஐந்தாறு தாவல். பதிவுகள் 10 லட்சத்திலிருந்து 100 கோடி ஆனாலும் அதே ஆறு தொகுப்புதான். ஏழாவது தொகுப்பு வேண்டுமென்றால் 2^65537 பதிவுகள் வேண்டும், பார்க்க முடிகிற பிரபஞ்சத்தில் அத்தனை அணுக்கள் கிடையாது. ஹாப்கிராஃப்டும் உல்மனும் 1973-இல் காட்டிய வரம்பு இது. 1975-இல் டார்ஜன் இதை இன்னும் இறுக்கி, அக்கர்மன் சார்பின் தலைகீழ் அளவுக்குக் கொண்டு வந்தார். நாம் பயன்படுத்தும் எந்த n-க்கும் அதன் மதிப்பு 4-ஐத் தாண்டாது. அதையும் நீக்கி உண்மையான மாறிலியாக்க முடியாது என்பதை 1989-இல் ஃப்ரெட்மனும் சாக்ஸும் நிறுவினார்கள். எல்லாமே சராசரிக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம், தனியாக ஒரு `find` 19 தாவல் போவது நியாயமானதே.

இந்தக் கணக்கு தெரிந்தால் எதைத் தொடக் கூடாது என்பதும் தெரியும். கம்ப்ரஷன் ஆனதும் மரம் குட்டையாகிவிட்டதே, ரேங்கையும் குறைத்துச் சரி செய்யலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம். ரேங்க் என்பது உயரம் அல்ல, உயரத்துக்கு ஒரு மேல்வரம்பு. அது உறைந்து நிற்பதை நம்பித்தான் மேலே உள்ள வாதம் முழுதும் நிற்கிறது.

இன்னொன்று, மேலே உள்ள நிரலில் `parent[x], x = root, parent[x]` என்ற வரியை இப்படி எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்:

```python
x, parent[x] = parent[x], root
```

பார்க்க ஒன்றுபோல இருக்கும். பைத்தான் இடமிருந்து வலமாக எழுதும், எனவே முதலில் x மாறிவிடும், பிறகு புதிய x-இன் பெற்றோர்தான் மாற்றப்படும். 1→2→3→4→5 என்ற பாதையில் 2 மட்டும் 5-இன் கீழ் போகும், சுற்றும் அங்கேயே நின்றுவிடும், 1-உம் 3-உம் இருந்த இடத்திலேயே இருக்கும். வேர் சரியாகத்தான் திரும்பி வரும், எந்த டெஸ்டும் தோற்காது. ரேங்க் இருப்பதால் வேகமும் பெரிதாகக் கெடாது, அதனால் வருடக்கணக்கில் யாரும் கவனிக்காமலே கிடக்கும்.

இதையெல்லாம் பிடிக்க நான் செய்வது: முதல் `while`-க்குள் ஒரு எண்ணியைப் போட்டு, மொத்தத் தாவலை `find` அழைப்புகளின் எண்ணிக்கையால் வகுப்பது. பிறகு தரவை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுவது. சராசரி அசையாமல் நின்றால் நல்லது, தரவோடு சேர்ந்து அதுவும் இரட்டிப்பானால் எங்கோ சங்கிலி உருவாகிறது. அப்புறம், கம்ப்ரஷனையே சோதிக்க `parent` பட்டியலில் கையால் ஒரு சங்கிலியை அமைத்து, அடியிலிருந்து ஒரு `find` அழைத்துவிட்டு, எல்லாக் கணுவும் வேரை நேராகச் சுட்டுகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டை எழுதி வையுங்கள். மேலே சொன்ன வரிப் பிழை அதில் உடனே மாட்டும்.

சேர்த்ததைப் பிரிக்க இந்த அமைப்பில் வழியில்லை. அந்த நம்பர் கடையுடையது என்று பின்னால் தெரிந்தால், அந்த ஜோடிகளை நீக்கிவிட்டு முதலிலிருந்து கட்டுவதுதான் வழி, எனவே எந்த ஜோடி எந்தக் காரணத்தால் சேர்ந்தது என்ற பட்டியலைத் தூக்கி எறியாதீர்கள். கடைசியாகச் செய்ததை மட்டும் பின்வாங்க வேண்டிய தேவை இருந்தால் கம்ப்ரஷனை விட்டுவிட்டு ரேங்க் மட்டும் வையுங்கள், log n கிடைக்கும், ஒரு `union`-ஐத் திரும்பப் பெற ஒரு பெற்றோரையும் ஒரு ரேங்கையும் மட்டும் பழையபடி வைத்தால் போதும்.

பல திரெட்கள் பயன்படுத்தினால் `find` படிக்கும் வேலை மட்டும்தானே என்று நினைத்து ரீட் லாக் போடுவார்கள். கம்ப்ரஷன் வந்தபின் அது எழுதும் வேலையும்கூட. குழுக்கள் எல்லாம் முடிவானதும் ஒரு முறை எல்லாப் பதிவுக்கும் `find` ஓட்டி வேர் எண்களைத் தனிப் பட்டியலில் எழுதிக்கொண்டு, மற்ற திரெட்களுக்கு அந்தப் பட்டியலை மட்டும் கொடுத்தால் லாக்கே வேண்டாம்.