நாலு டாலர் பன்னெண்டு டாலரான கதை: 1859 யோகோஹாமா

பழைய நாணயம் எடை போட்டு மதிப்பு சொல்றது என் தொழில். தங்கம் வெள்ளி ரேஷியோ பாத்து இதை வித்து அதை வாங்கினா லாபம்தானேன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அவங்ககிட்ட நான் ஜப்பான் கதையைத்தான் சொல்வேன்.

1859 ஜூலைல யோகோஹாமா துறைமுகம் வெளிநாட்டு வியாபாரிகளுக்குத் திறந்துச்சு. அப்போ உலக மார்க்கெட்ல ஒரு பங்கு தங்கத்துக்கு கிட்டத்தட்ட பதினஞ்சரை பங்கு வெள்ளி, ஜப்பான் நாணயக் கணக்குல வெறும் அஞ்சு பங்கு. காரணம் என்னன்னா, அங்க இச்சிபுன்னு ஒரு சின்ன வெள்ளிக்காசு, அதுல இருக்கற வெள்ளியைவிட ரொம்ப அதிக மதிப்பை ஷோகன் அரசு அதுமேல வெச்சிருந்துச்சு, நாலு இச்சிபு குடுத்தா ஒரு கோபன் தங்கக்காசு. உள்நாட்டுக்குள்ள காசு சுத்துற வரைக்கும் இதுல ஒரு பிரச்சனையும் இல்ல.

ஆனா அமெரிக்காவோட போட்ட ஒப்பந்தத்துல வெளிநாட்டுக் காசை அதே உலோகத்து ஜப்பான் காசோட எடைக்கு எடை மாத்திக்கலாம்னு எழுதிட்டாங்க. ஓட்டை அங்கதான். ஒரு மெக்சிகன் வெள்ளி டாலர் எடைக்கு மூணு இச்சிபு, அப்போ நாலு டாலருக்கு பன்னெண்டு இச்சிபு, அதைக் குடுத்தா மூணு கோபன், அதை ஷாங்காய்க்குக் கப்பல்ல கொண்டுபோய் வித்தா சுமார் பன்னெண்டு டாலர். செலவு போகவும் கொள்ளை லாபம்.

அரசு சும்மா இருக்கல, பாதி டாலர் எடைக்கு நிஷுன்னு புது வெள்ளிக்காசு அடிச்சு அதுக்கு அரை இச்சிபு மதிப்புதான்னு சொல்லுச்சு, அதாவது ஒரு டாலருக்கு ஒரே இச்சிபு, லாபம் அப்படியே காலி. வெளிநாட்டுத் தூதர்கள் ஒப்பந்தத்தை மீறிட்டீங்கன்னு சண்டை போட்டதுல சில வாரத்துலயே அதை வாபஸ் வாங்க வேண்டியதாச்சு. அப்புறம் இச்சிபு மாத்தித் தர்றதுக்கு லிமிட் வெச்சாங்க, உடனே வியாபாரிங்க பொய்ப் பேர்ல விண்ணப்பம் போட்டுக் குவிச்சாங்க. இதுல எனக்கு உண்மையிலேயே கோபம் வரும், ஏன்னா லாபம் ஒருத்தர் கைக்குப் போச்சு, விலை தாங்கினது வேற ஜனங்க.

1860ல பழைய டெம்போ கோபனோட மதிப்பை ஒரு ர்யோ, அதாவது நாலு இச்சிபுல இருந்து மூணு ர்யோவுக்கு மேல ஏத்தினாங்க, கூடவே மான்என் கோபன்னு குட்டியா புதுசு அடிச்சாங்க. தங்கம் வெளிய போறது அடங்குச்சு, ஆனா அதே சரக்கை வாங்க இப்போ நிறைய காசு வேணும், விலைவாசி கடுமையா ஏறிடுச்சு, குறிப்பிட்ட சம்பளத்துல இருந்த சாமுராய்ங்க ரொம்ப அடிபட்டாங்க.

இன்னைக்கு ரேஷியோ மேல போச்சு கீழ வந்துச்சுன்னு வாங்கறவங்க கவனிக்கணும். அன்னைக்கு லாபம் வந்தது ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல ரெண்டு விலை இருந்ததால, அதுலயும் ஒரு பக்கம் எடைக்கு எடை மாத்தித் தரணும்னு கட்டாயம் இருந்ததால. இப்போ எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே விலை, நாளைக்கு ரேஷியோ மாறும்னு வாங்கறது வெறும் யூகம்.

கோபன் ஆன்லைன்ல வாங்கறவங்க போட்டோவை நம்பாதீங்க, எடையைக் கேளுங்க. டெம்போ சுமார் 11.2 கிராம், மான்என் சுமார் 3.3 கிராம்தான், ரெண்டும் நீள்வட்டமா ஒரே ஜாடைல இருக்கும்.