கேஸ் ஊர்ந்து போவதில்லை

தொழிற்சாலை கேன்டீன்களில் சமையல் ஆட்களுக்கு கேஸ் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் வேலை. போன மாதம் ஒரு வகுப்பில், புதிதாகச் சேர்ந்த பாதுகாப்பு அலுவலர் போர்டில் ஒரு கணக்குப் போட்டார். சிலிண்டர் கேஸில் இருக்கும் புரொப்பேனின் மூலக்கூறு 27 டிகிரியில் என்ன வேகத்தில் ஓடும் என்பது கேள்வி. விடை: நொடிக்கு 13 மீட்டர். டவுன் பஸ் வேகம். "கனமான கேஸ், அதனால்தான் மெதுவாகத் தரையோடு ஊர்கிறது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சூத்திரம் சரிதான்:

v = √(3RT/M)

இது சராசரி இருமடிமூல வேகம். ஒவ்வொரு மூலக்கூறின் வேகத்தையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது. வெப்பநிலை T கெல்வினில் 300, வாயு மாறிலி R 8.314. புரொப்பேனின் மோலார் நிறை 44 கிராம். அவர் M இருந்த இடத்தில் 44 என்றே போட்டுவிட்டார். R-இன் அலகில் உள்ள ஜூலுக்குக் கிலோகிராம்தான் பொருந்தும், 0.044 என்று போட்டால் விடை 412 மீட்டர். தப்பு சுமார் 32 மடங்கு, அதாவது ஆயிரத்தின் வர்க்கமூலம்.

இதைப் பிடிக்க ஒரு சுலப வழி உண்டு. ஒலியைச் சுமந்து போவதே மூலக்கூறுகள்தான். அதனால் இந்த வேகம் அந்த வாயுவில் ஒலி போகும் வேகத்தைவிடக் கூடுதலாகத்தான் வர வேண்டும். 13 என்று வந்தால் அலகைப் பாருங்கள்.

சரி, கனமான கேஸ் மெதுவாக ஓடும் என்பது பொய்யா? பொய்யில்லை. ஒரே வெப்பநிலையில் எல்லா வாயு மூலக்கூறுகளுக்கும் சராசரி இயக்க ஆற்றல் ஒன்றுதான். அதனால் நிறை கூடினால் வேகம் குறைந்தே ஆக வேண்டும். ஆனால் நிறையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். நைட்ரஜன் (28) 517 மீட்டர், ஹைட்ரஜன் (2) சுமார் 1,930. ஹைட்ரஜனைவிட 22 மடங்கு கனமான புரொப்பேன் ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்கு மேலேயே ஓடுகிறது.

அப்புறம் ஏன் தரையில் தேங்குகிறது? மூலக்கூறு நேராக ஓட முடிவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போவதற்குள் இன்னொன்றில் மோதித் திரும்புகிறது. கசிவு வாசனைக்காகச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டனின் வேகம் சுமார் 347 மீட்டர். ஆனாலும் அடுப்படியிலிருந்து ஹாலுக்கு வாசனை வர நேரமாகிறது. இப்படி மோதி மோதிக் கலப்பதற்குள், காற்றைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியான கேஸ் மொத்தையாகச் சரிந்து, தரைக்கும் சாக்கடைக் குழிக்கும் போய்விடுகிறது. காரணம் அடர்த்தி, மூலக்கூறின் சோம்பல் இல்லை.

அந்த கேன்டீனில் கேஸ் டிடெக்டர் கூரைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. ஹைட்ரஜனுக்கு அது சரியான இடம். அன்று மாலையே தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு இறக்கச் சொன்னேன்.