‘முறையற்ற தொகையீடு’ என்று இனிச் சொல்ல வேண்டாம்

கிளிநொச்சியில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் ‘முறையற்ற தொகையீடு’ என்ற தலைப்பை அடிக்கடி பார்க்கிறேன். இணையக் காணொளிகளில் கேட்டதை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். முறையற்ற நியமனம் என்று பத்திரிகை எழுதினால் விசாரணை வேண்டும் என்று பொருள். முறையற்ற உறவு என்றால் ஊர் வாயில் விழுந்த கதை. இந்த அடைமொழியைக் கணக்கின் முன்னால் வைத்தால் மாணவன் என்ன நினைப்பான்? “சேர், முறையற்றது என்றால் அந்த விடையைப் பரீட்சையில் எழுதலாமா?” என்று ஒருவன் கேட்டேவிட்டான். அவனில் பிழை இல்லை.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘இம்ப்ரொப்பர்’ என்ற அடைமொழியின் வேர் ‘புரோப்ரியுஸ்’ என்ற இலத்தீன் சொல். தனக்கே உரியது என்பது அதன் பொருள். ஒழுக்கம், முறைகேடு எல்லாம் பின்னால் ஒட்டியவை. ஆகவே இங்கே சொல்லப்படுவது, ‘தொகையீடு’ என்ற பெயர் இந்தக் கணியத்துக்கு நேரடியாக உரியதன்று என்பதுதான். வரையறுத்த தொகையீடு முடிவுள்ள ஆயிடையில், வரம்புக்குள் நிற்கும் சார்புக்கு மட்டுமே வரையறுக்கப்பட்டது. அந்த வேலியைத் தாண்டும்போது, வேலிக்குள் கிடைத்த தொகையீடுகளின் எல்லையை எடுத்து, அதற்கும் தொகையீடு என்றே பெயர் வைக்கிறோம். நம் இலக்கணக்காரர்களிடம் இதற்கு ஒரு பெயர் உண்டு: ஆகுபெயர். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புள்ள வேறொன்றுக்கு ஆகி வருவது. ஆகுபெயரை யாரும் முறையற்ற பெயர் என்று சொன்னதில்லை.

நான் ‘எல்லைவழித் தொகையீடு’ என்கிறேன். காரணத்தை ஒரு கணக்கில் காட்டலாம்.

y = 1/x என்ற வளையியை x = 1 இலிருந்து வலப்புறம் முடிவின்றி நீளவிட்டு, x அச்சைச் சுற்றிச் சுழற்றினால் ஒரு கொம்பு கிடைக்கும். வாயின் ஆரை 1. போகப்போக மெலிந்துகொண்டே போகும், ஆனால் ஓரிடத்திலும் மூடாது. கபிரியேலின் எக்காளம் என்று இதற்குப் பெயர். மடுத் திருவிழாவுக்குப் போய்வருபவர்களுக்கு அந்தச் சம்மனசை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இப்படி முடிவின்றி நீளும் திண்மத்துக்கு முடிவுள்ள கனவளவு இருக்க முடியும் என்பதை இத்தாலியரான தொரிச்செல்லி 1641 இல் கண்டு, 1644 இல் அச்சிட்டார். நியூட்டனும் லைப்னிற்சும் நுண்கணிதத்தை அமைக்க முன்னரே நடந்த காரியம் அது.

இன்றைய வழியில் செய்வதானால், கொம்பை x = b இல் வெட்டிவிட வேண்டும். வெட்டிய துண்டு முடிவுள்ளது. அதற்கு வரையறுத்த தொகையீடு தாராளமாகச் செல்லும். x இல் குறுக்குவெட்டின் பரப்பு π/x². ஆகவே கனவளவு

V(b) = π ∫₁ᵇ (1/x²) dx = π(1 − 1/b)

b = 10 என்றால் 0.9π. b = 1000 என்றால் 0.999π. b எவ்வளவு வளர்ந்தாலும் π ஐத் தாண்டாது, எல்லை π.

மேற்பரப்புக்குச் சாய்வையும் கணக்கில் எடுக்க வேண்டும்:

A(b) = 2π ∫₁ᵇ (1/x) √(1 + 1/x⁴) dx

இந்த வர்க்கமூலத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, அதைக் கண்டுகொள்ளாமல் அழித்துவிட்டுச் சமக்குறி போடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். அது எப்போதும் 1 ஐவிடப் பெரியது. ஆகவே A(b) > 2π ln b என்று சமனிலியாக எழுதினால் போதும். வாயில் அதன் பெறுமானம் 1.414; x = 2 இல் 1.031 ஆகிவிடும், பிறகு பெயருக்குத்தான் இருக்கிறது. மடக்கையோ நிற்காது. b பத்து மடங்காகும் ஒவ்வொரு தடவையும் பரப்பில் குறைந்தது 14.46 சேரும். மிக மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் அதைத் தாண்டும். எல்லை இல்லை. பரப்பு விரிகிறது.

இனி எதிர்க்கட்சிக்கு வருவோம். ‘முறையற்ற’ பிடிக்காதவர்களில் பலர் ‘முடிவிலித் தொகையீடு’ என்கிறார்கள். கேட்க நல்ல தமிழ். ஆனால் எது முடிவிலி? ஆயிடையா, விடையா? இந்தக் கொம்பில் ஆயிடை இரண்டு கணக்கிலும் முடிவிலிதான். விடை ஒன்றில் π, மற்றதில் ஒன்றுமே இல்லை. ‘முடிவிலித் தொகையீட்டின் விடை π’ என்று சொன்னதும் பிள்ளை திகைக்கிறது. அடுத்து, கொம்பை நிரப்பப் பெயின்ற் போதும், ஆனால் பூசப் போதாது என்ற பழைய புதிரைச் சொன்னால், கணிதமே மாயவித்தை என்று முடிவுகட்டிவிடுகிறது.

புதிரில் மாயம் ஏதுமில்லை. அலகை மீற்றர் என்று வையுங்கள். கொம்பின் வாயைக் கிளிநொச்சி நகரில் வைத்து, ஏ9 வீதி வழியே வடக்கே நீட்டுங்கள். முழுக்கொம்பும் கொள்வது ஏறத்தாழ 3,142 லீற்றர். பத்துக் கிலோமீற்றரில், பரந்தனைத் தாண்டி ஆனையிறவை எட்டுமுன், ஆரை 0.1 மில்லிமீற்றர் ஆகிவிடும். அதற்கப்பால் உள்ள முடிவற்ற நீளம் முழுவதும் கொள்ளக்கூடியது π/10000 கன மீற்றர், அதாவது சுமார் 314 மில்லிலீற்றர்தான். வெளிப்புறத்தில் 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் பூச்சுக் கேட்டால், பரப்பு விரிவதால் பெயின்றும் முடிவின்றி வேண்டும். உள்ளே ஊற்றிய பெயின்றுக்கு அந்தத் தடிப்பு கிடைப்பதில்லை. கொம்போடு சேர்ந்து அதுவும் மெலிகிறது. சீரான தடிப்பு என்ற நிபந்தனையை ஒரு பக்கம் மட்டும் போட்டதால் வந்த குழப்பம் இது.

‘முடிவிலித் தொகையீடு’ செய்யும் பெரிய கேடு வேறு. −1 இலிருந்து 1 வரை 1/x² ஐத் தொகையிடச் சொல்லுங்கள். இரு நுனியும் முடிவுள்ளவை. முடிவிலிக் குறியே இல்லை. பிள்ளை −1/x இல் பிரதியிட்டு −2 என்று எழுதும். எங்கும் நேர்ப் பெறுமானமே எடுக்கும் சார்புக்கு மறை விடை வந்தால், அங்கேயே பேனையை வைத்துவிட வேண்டும். x = 0 இல் சார்பு வரம்பின்றி ஏறுகிறது; அங்கே வெட்டி, இரு பக்கமும் எல்லை எடுக்க முயன்றால் இரண்டும் விரியும். ‘எல்லைவழி’ என்ற பெயர் எங்கே வெட்டுவது என்று தேடவைக்கும். ‘முடிவிலி’ என்ற பெயரோ ∞ என்ற குறியை மட்டும் தேடவைக்கும்.

தொகையீட்டின் மேல், கீழ் நுனிகளையும் எல்லைகள் என்றுதானே சொல்கிறோம், குழப்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அங்கே யாரும் மூழ்கிப்போகவில்லை. இருந்தாலும் நுனிகளை ‘மேல் வரம்பு, கீழ் வரம்பு’ என்று சொல்லிப் பழகினால் இந்தக் குறையும் தீர்ந்துவிடும். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள் இதற்கு உடன்படுவார்களா தெரியாது. அவர்கள் ஒரு தடவை b இல் வெட்டிக் கணக்கைச் செய்து பார்த்திருந்தால் ‘முறையற்ற’ என்று எழுதக் கை வந்திருக்காது.